ஆர்கான் பனியைக் கட்டிவைத்திருப்பது எது?

ஆர்கான் எந்தத் தனிமத்தோடும் எளிதில் சேராத மந்த வாயு. ஆனாலும் 84 கெல்வின், அதாவது சுழியத்துக்குக் கீழே 189 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தால் அது உறைந்து படிகமாகிவிடுகிறது. அதன் அணுக்கள் எலக்ட்ரானைக் கொடுப்பதுமில்லை, பகிர்வதுமில்லை. அப்படியானால் அவற்றை ஒன்றாகப் பிடித்துவைத்திருப்பது எது?

அதற்கான விடையை 1930-இல் ஃபிரிட்ஸ் லண்டன் குவாண்டம் இயற்பியலின் துணையோடு விளக்கினார். அணுவின் எலக்ட்ரான் மேகம் ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. ஒரு கணம் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தால், அந்தச் சாய்வு பக்கத்து அணுவின் மேகத்தையும் அதற்கு இசைவாகச் சாய்க்கிறது. இதனால் இரண்டுக்கும் இடையே மெல்லிய ஈர்ப்பு பிறக்கிறது. இந்த ஈர்ப்பாற்றல் தூரத்தின் ஆறாம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். தூரம் இரட்டித்தால் ஆற்றல் 64-இல் ஒரு பங்காகிவிடும். அணுக்கள் மிக நெருங்கி, மேகங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியும்போது, பௌலியின் தவிர்ப்பு விதி குறுக்கே வந்து அவற்றை வலுவாக விலக்குகிறது.

ஈர்ப்பையும் விலக்கலையும் ஒரே சூத்திரத்தில் சேர்க்கும் வழியை 1924-இலேயே ஆங்கிலேயர் ஜான் ஜோன்ஸ் முன்வைத்திருந்தார். அடுத்த ஆண்டு மணம் முடித்தபின் மனைவியின் குடும்பப் பெயரையும் சேர்த்து லெனார்ட்-ஜோன்ஸ் ஆனார். இன்று வழங்கும் வடிவம் இது:

```
U(r) = 4ε[(σ/r)^12 − (σ/r)^6]
```

ε என்பது ஒரு ஜோடியைப் பிரிக்கத் தேவையான ஆற்றல். σ என்பது இரு ஆற்றல்களும் சமமாகி U சுழியாகும் தூரம். ஆறாம் அடுக்குக்கு லண்டனின் விளக்கம் உண்டு. பன்னிரண்டாம் அடுக்குக்கு அப்படி ஆழமான காரணம் எதுவுமில்லை; ஆறின் வர்க்கம் என்பதால் கணக்குப் போடச் சுலபம், அவ்வளவுதான்.

இதைப் படிகத்தில் சோதித்துப் பார்க்கலாம். ஆர்கான் வாயு, இலட்சிய வாயு விதியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவீடுகளிலிருந்து ε = 0.0104 எலக்ட்ரான் வோல்ட், σ = 3.40 ஆங்ஸ்ட்ராம் என்று கிடைக்கின்றன. திண்மத்தைத் தொடாமலேயே பெற்ற எண்கள் இவை. இனி ஒரு அணுவை எடுத்துக்கொண்டு, படிகத்தின் மற்ற அணுக்கள் ஒவ்வொன்றோடும் அதற்குள்ள ஆற்றலைக் கூட்ட வேண்டும். ஆர்கான் முகமையக் கனசதுர அமைப்பில் உறைவதால் ஒவ்வொரு அணுவையும் ஒட்டி 12 அணுக்கள் இருக்கின்றன.

இந்தக் கூட்டலில்தான் சுவாரசியமான செய்தி இருக்கிறது. ஒட்டிய தூரத்தை அலகாகக் கொண்டால், விலக்கல் பகுதியின் கூட்டுத்தொகை 12.13. பன்னிரண்டு அண்டை அணுக்கள் தருவதே 12 என்பதால், தொலைவில் உள்ளவை எல்லாம் சேர்ந்தும் 0.13-தான் தருகின்றன. ஈர்ப்புப் பகுதியிலோ கூட்டுத்தொகை 14.45. தொலைவில் உள்ள அணுக்களும் ஈர்ப்பில் தம் பங்கைச் செலுத்துகின்றன. அவை இழுப்பதால் ஒட்டிய அணுக்கள், தனித்த ஜோடி நிற்கும் 1.12σ தூரத்தைவிட நெருங்கி, 1.09σ-இல் நிற்கின்றன. ஒவ்வொரு ஜோடியையும் இருமுறை எண்ணாமலிருக்கப் பாதியாக்கினால், அணுவொன்றுக்குப் பிணைப்பாற்றல் 8.6ε. அண்டை அணுக்களை மட்டும் எண்ணியிருந்தால் 6ε-தான் கிடைத்திருக்கும்.

8.6-ஐ 0.0104-ஆல் பெருக்கினால் 0.089 எலக்ட்ரான் வோல்ட். அளந்து கண்ட மதிப்போ 0.080. விடுபட்டது எது? தனிச்சுழி வெப்பநிலையிலும் அணுக்கள் முழுமையாக ஓய்வதில்லை; குவாண்டம் விதிப்படி மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த அதிர்வாற்றல் ஆர்கானில் பிணைப்பைச் சுமார் 10 சதவீதம் குறைக்கிறது. கழித்தால் 0.080 வந்துவிடுகிறது. கனமான செனானில் இந்தத் திருத்தம் 4 சதவீதம்தான். லேசான நியானில் 28 சதவீதம். ஹீலியத்தில் அதிர்வு அதையும் மீறுவதால், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் அது உறைவதே இல்லை.

இவ்வளவு அழகாகப் பொருந்துவதால் சூத்திரம் முழு உண்மை என்று நினைத்துவிடக் கூடாது. நுட்பமான அளவீடுகளின்படி, தனித்திருக்கும் இரண்டு ஆர்கான் அணுக்களின் உண்மையான பிணைப்பு வெப்பநிலை அளவில் 143 கெல்வினுக்கு நிகரானது. சூத்திரம் பயன்படுத்தும் ε-யோ சுமார் 120 கெல்வின். உண்மை ஜோடி வலுவானது. ஆனால் சூத்திரம் தொலைவில் ஈர்ப்பை மிகைப்படுத்துகிறது. மூன்று அணுக்கள் ஒருங்கே இருக்கும்போது எழும் விலக்கலையும், 1943-இல் ஆக்ஸில்ராட், டெல்லர் இருவரும் கணக்கிட்டதை, அது சேர்ப்பதே இல்லை. இந்தப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்வதால்தான் விடை சரியாக வருகிறது.

ஈடுகட்டல் பொய்க்கும் இடமும் உண்டு. முகமையக் கனசதுரம், அறுகோண நெருக்க அடுக்கு இரண்டிலும் 12 அண்டை அணுக்கள்தான் இருக்கின்றன. வேறுபாடு தொலைவில் உள்ள அணுக்களின் இருப்பிடத்தில் மட்டுமே. நிலையாற்றலை மட்டும் கூட்டிப் பார்த்தால், அறுகோண அடுக்கே சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அதிகமாகப் பிணைந்தது என்கிறது சூத்திரம். நியான், ஆர்கான், கிரிப்டான், செனான் நான்குமே உறைவது கனசதுரமாகத்தான்.