ஒரே இரவில் இரண்டு முறை வந்த அரை மணி நேரம்

2006 ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டு. அந்த இரவு நள்ளிரவைத் தாண்டி 12:30 ஆனதும் இலங்கை தன் கடிகாரங்களை அரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளியது. 12:30 மறுபடியும் 12:00 ஆனது. அதனால் ஏப்ரல் 15 அன்று நள்ளிரவு 12 மணி முதல் 12:30 வரையிலான அரை மணி நேரம் கொழும்பில் இரண்டு முறை வந்தது.

மனிதர்களுக்கு இது பெரிய விஷயமல்ல. பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள், மற்றவர்கள் முள்ளைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். கணினிக்கு அப்படியல்ல. அது எழுதி வைத்த நேரத்தை வைத்துத்தான் எது முன்னால், எது பின்னால் என்று முடிவு செய்கிறது.

அந்த இரவில் ஒருவர் தொலைபேசியில் பேசினார் என்று வைத்துக்கொள்வோம். அழைப்பு 12:20-க்குத் தொடங்குகிறது. பத்து நிமிடத்தில் கடிகாரம் 12:00-க்குத் திரும்புகிறது. இன்னும் ஐந்து நிமிடம் பேசிவிட்டு 12:05-க்கு வைத்துவிடுகிறார். பேசியது 15 நிமிடம். ஆனால் தொலைபேசி நிறுவனத்தின் தரவுத்தளம் கொழும்பு நேரத்தை அப்படியே குறித்து வைத்திருந்தால், தொடக்கம் 00:20, முடிவு 00:05. கழித்துப் பார்த்தால் வருவது மைனஸ் 15 நிமிடம். தொடங்கும் முன்பே முடிந்துவிட்ட அழைப்புக்கு எப்படிக் கட்டணம் போடுவது?

அதைவிட மோசமானது, பிறகு திருத்தவும் முடியாது என்பது. பதிவேட்டில் வெறும் 00:20 என்று மட்டும் இருந்தால், அது முதலில் வந்த 12:20-ஆ, இரண்டாவதாக வந்ததா என்று சொல்ல எந்த வழியும் இல்லை. அந்தத் தகவல் எழுதும்போதே தொலைந்துவிட்டது.

இதற்காகத்தான் தரவுத்தளத்தில் நேரத்தை யூ.டி.சி.யில் எழுதச் சொல்கிறார்கள். யூ.டி.சி. என்பது உலகம் முழுவதற்கும் பொதுவான நேர அளவு. எந்த அரசு தன் கடிகாரத்தை மாற்றினாலும் அது மாறாது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அன்று மாற்றத்துக்கு முன் இலங்கை ஆறு மணி நேரம் முன்னால் இருந்தது, மாற்றத்துக்குப் பின் ஐந்தரை மணி நேரம். ஆகவே நம் அழைப்பு யூ.டி.சி.யில் ஏப்ரல் 14 மாலை 18:20-க்குத் தொடங்கி 18:35-க்கு முடிகிறது. கழித்தால் 15 நிமிடம். அரசு கடிகாரத்தைத் தொட்டதே இந்தக் கணக்குக்குத் தெரியாது.

வாடிக்கையாளருக்குப் பில் காட்டும்போது மட்டும் கொழும்பு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்:

```
SET TIME ZONE 'Asia/Colombo';
SELECT timestamptz '2006-04-14 18:20:00+00',
       timestamptz '2006-04-14 18:35:00+00';
```

முதல் விடை `2006-04-15 00:20:00+06`, இரண்டாவது `2006-04-15 00:05:00+05:30`. இரண்டும் வெவ்வேறு இடைவெளியில் கணக்கிடப்பட்டிருப்பதை வால் பகுதியே காட்டிவிடுகிறது.

2006-ல் அந்த இரவு நடந்தது போஸ்ட்கிரெஸுக்கு எப்படித் தெரியும்? உலக நாடுகள் எப்போதெல்லாம் கடிகாரத்தை மாற்றின என்பதைத் தொகுத்து வைத்திருக்கும் tz என்ற பொதுத் தரவுத்தொகுப்பு ஒன்று இருக்கிறது. கணினிகளும் கைபேசிகளும் பெரும்பாலும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. `Asia/Colombo` என்ற பெயரின் கீழ் இலங்கையின் வரலாறு முழுவதும் அதில் இருக்கிறது. ஐந்தரையில் இருந்த நாடு, மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே மாதம் ஆறரைக்குத் தாவியது, அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கு இறங்கியது, 2006-ல் பழைய ஐந்தரைக்கே திரும்பியது. கொழும்பில் காலை 9 மணி என்பது 1996 மார்ச்சில் யூ.டி.சி. 3:30, ஜூனில் 2:30, 2000-ல் 3:00. அதனால் "இலங்கை என்றால் ஐந்தரையைக் கூட்டு" என்று நிரலில் எழுதி வைப்பது ஆபத்து. கூட்ட வேண்டிய எண் தேதியைப் பொறுத்தது. நிரலில் இருக்க வேண்டியது மண்டலத்தின் பெயர். எண்ணைத் தொகுப்பு பார்த்துக்கொள்ளும்.

அந்தத் தொகுப்பில் இன்னொரு குறிப்பும் உண்டு. இலங்கையில் தமிழர் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் கொழும்பின் மாற்றங்களைப் பின்பற்றாமல் இந்திய நேரத்தோடு ஒத்தே இருந்ததால், அங்கிருப்போர் இந்திய மண்டலத்தையே பயன்படுத்தலாம் என்கிறது அது. ஒரே தீவில், ஒரே நொடியில், இரண்டு கடிகாரங்கள். அங்கிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் பதிவுகளை உள்ளூர் நேரத்தில் ஒரே அட்டவணையில் எழுதினால் வரிசை கலைந்துவிடும்.

இந்தியா முழுவதும் ஒரே நேரம், கோடைக்கு ஒன்று குளிருக்கு ஒன்று என்ற மாற்றமும் இல்லை. எனவே இங்கே எழுதப்படும் மென்பொருளில் இந்தக் கோளாறு பல ஆண்டுகள் ஒளிந்திருக்கும். சர்வரை வெளிநாட்டுக்கு மாற்றும்போதோ, வெளிநாட்டிலிருந்து முதல் வாடிக்கையாளர் வரும்போதோதான் வெளியே தலைகாட்டும். அதற்கு ஒரு எளிய அடையாளம் உண்டு. காலை 10 மணிக்குக் கட்டிய பணம் திரையில் பிற்பகல் 3:30 என்று தெரிந்தால், அதாவது பிசகு துல்லியமாக ஐந்தரை மணி நேரமாக இருந்தால், எங்கோ இந்திய நேரத்தை மாற்றாமலே யூ.டி.சி. என்று எழுதிவிட்டார்கள், அல்லது ஏற்கெனவே மாற்றியதை இன்னொரு முறை மாற்றிவிட்டார்கள்.

யூ.டி.சி.யில் எழுதியவர்களும் தடுக்கி விழும் இடம், அன்றாடக் கணக்கு. சென்னையில் ஒரு பால் பூத்தில் அதிகாலை 4:30 முதல் விற்பனை நடக்கிறது. ஆகஸ்ட் 15 அதிகாலை 5 மணிக்கு விற்ற பால், யூ.டி.சி.யில் ஆகஸ்ட் 14 இரவு 23:30. தரவுத்தளத்தில் உள்ள தேதியை அப்படியே பார்த்து நாள்வாரி விற்பனையைக் கூட்டினால், காலை ஐந்தரைக்கு முந்தைய விற்பனை எல்லாம் முந்தைய நாளில் போய் விழும். சரியான வழி, சென்னையின் ஆகஸ்ட் 15 என்ற நாளை முதலில் யூ.டி.சி.க்கு மாற்றுவது. 14-ஆம் தேதி 18:30-இல் தொடங்கி, 15-ஆம் தேதி 18:30-க்கு முன்பு வரை. அந்த இடைவெளிக்குள் இருப்பதைக் கூட்டினால் கணக்கு நேராகும்.

இந்த விதிக்கு ஒரு எல்லையும் உண்டு, அதையும் கொழும்பே காட்டுகிறது. 2006 மார்ச்சில் ஒருவர், மே மாதம் காலை 9 மணிக்கு மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்கிறார். மென்பொருள் அன்றைய விதிப்படி ஆறு மணி நேரத்தைக் கழித்து, யூ.டி.சி. 3:00 என்று எழுதிக்கொள்கிறது. ஏப்ரலில் நாடு கடிகாரத்தை மாற்றுகிறது. மே மாதம் அதே 3:00-ஐத் திரும்பக் கொழும்பு நேரமாக மாற்றினால் காலை 8:30 என்று வரும். நோயாளி எட்டரைக்கு வந்து உட்கார்ந்திருப்பார், மருத்துவர் வருவது ஒன்பதுக்கு.

இங்கே பிழை யூ.டி.சி.யில் இல்லை. அழைப்பு, பணப் பரிமாற்றம், லாகின் போன்றவை நடந்து முடிந்தவை. அவற்றின் நொடி இனி மாறாது. முன்பதிவு அப்படியல்ல. "கொழும்புக் கடிகாரம் ஒன்பது காட்டும்போது" என்பதுதான் அங்கே ஒப்பந்தம், அது எந்த நொடி என்பதை அரசு இனிமேல்தான் தீர்மானிக்கக்கூடும். ஆகவே நடந்து முடிந்ததை யூ.டி.சி.யில் எழுத வேண்டும். இனி நடக்கப்போவதை உள்ளூர் நேரமாகவும், கூடவே `Asia/Colombo` போல மண்டலத்தின் பெயராகவும் எழுதி, நினைவூட்டல் அனுப்ப வேண்டிய நேரம் நெருங்கும்போது யூ.டி.சி.க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிறந்தநாள் போன்றவற்றுக்கு நேரமே தேவையில்லை, தேதி போதும். ஒரு அட்டவணையில் புதிதாக நேரத்துக்கு ஒரு பத்தி சேர்க்கும் முன், இந்த மூன்றில் அது எந்த வகை என்று கேட்டுக்கொள்வதுதான் முதல் வேலை.