வட்டி கேட்கும் கடிதம்

பாக்கிக் கடிதத்தில் பலர் கோட்டைவிடுவது தேதிக் கணக்கில்தான். வட்டி, பில் போட்ட நாளிலிருந்து அல்ல, கெடு முடிந்த மறுநாளிலிருந்து ஓடும். ஈரோட்டுத் துணி வியாபாரி ஒருவர் ஏப்ரல் 1-ல் 1,82,500 ரூபாய்க்குச் சரக்கு அனுப்பினார் என வைத்துக்கொள்வோம். 30 நாள் கெடு. தவறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்று ஆர்டரிலேயே பேச்சு. மே 1-ல் கெடு முடிந்தது. ஜூலை 10-ல் அவர் இப்படி எழுதலாம்:

“ஐயா, வணக்கம். மேற்கண்ட பில் தொகை இன்னும் வந்து சேரவில்லை. நாம் ஒப்புக்கொண்டபடி, நாளுக்கு 90 ரூபாய் வீதம் 70 நாளுக்கு 6,300 ரூபாய் வட்டி சேர்ந்துள்ளது. ஜூலை 20-க்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். சரக்கில் குறை இருந்தால் தெரிவியுங்கள்.”

அந்தக் கடைசி வரி முக்கியம். அதற்குப் பதில் சொல்லாதவர், பிறகு தரத்தைக் காட்டிப் பணத்தை நிறுத்துவது கடினம். ஆர்டரில் வட்டி பேசப்படவில்லையென்றால், பாக்கியை மட்டும் கேளுங்கள்.