டம்ளருக்கு வியர்ப்பது ஏன்?

சென்னையில் ஒரு மழைக்கால மாலை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த மோர் டம்ளரைச் சுற்றி இரண்டே நிமிடத்தில் முத்து முத்தாக நீர். எவர்சில்வரில் ஓட்டை எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் மோர் வெளியே கசியவும் இல்லை. அந்த நீர் அறையின் காற்றிலிருந்து வந்தது.

காற்றில் எப்போதும் நீராவி கலந்திருக்கிறது. அதன் அளவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வெப்பம் குறையக் குறைய அந்த வரம்பும் குறையும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் இடத்தில் சுமார் 30 கிராம் வரை நீராவி இருக்கலாம். 25 டிகிரியில் அது 23 கிராம்தான். அன்றைய வெப்பநிலை 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், காற்றில் இருப்பது ஏறக்குறைய 23 கிராம். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். அதற்குமேல் குளிர்ந்தால் மிஞ்சும் ஆவி நீராக மாறியே ஆக வேண்டும். இதைத்தான் ஆவி சுருங்குதல் என்கிறோம். அது தொடங்கும் 25 டிகிரிதான் அந்தக் காற்றின் பனிநிலை. மோர் டம்ளரின் மேற்பரப்போ 10 டிகிரிக்கும் கீழே இருக்கிறது.

பனிநிலையை வீட்டிலேயே அளக்கலாம். மெல்லிய எவர்சில்வர் டம்ளரில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, ஒரு தெர்மாமீட்டரை வையுங்கள். காய்ச்சல் பார்ப்பது வேண்டாம், ஆய்வகத்தில் பயன்படுத்துவது வேண்டும். ஐஸைச் சிறுகச் சிறுகப் போட்டுக் கலக்குங்கள். டம்ளரின் பளபளப்பு மங்கும் கணத்தில் தெர்மாமீட்டர் காட்டுவதே ஏறக்குறைய அன்றைய பனிநிலை. மூச்சுக்காற்று டம்ளரில் படக் கூடாது. அதிலுள்ள ஈரம் கணக்கைக் கெடுத்துவிடும். கோடை வெயிலில் காற்று 38 டிகிரியும் ஈரப்பதம் 25 சதவீதமுமாக இருந்தால், பனிநிலை சுமார் 15 டிகிரிதான். அப்போது பானைத் தண்ணீரை ஊற்றினால் டம்ளர் வியர்க்காது.

வியர்க்கும் டம்ளர் வேகமாகச் சூடேறுவதற்கும் இதுவே ஒரு காரணம். ஆவி நீராகும்போது தன்னிடமுள்ள வெப்பத்தை டம்ளருக்குக் கொடுத்துவிடுகிறது. ஒரே ஒரு கிராம் நீர் படிந்தாலும், வெளிப்படும் வெப்பம் முழுவதும் உள்ளே போனால், 300 மில்லி மோர் ஏறக்குறைய 2 டிகிரி சூடேறும்!

குளியலறைக் கண்ணாடியில் நடப்பதும் இதேதான், ஆனால் எதிர்த் திசையில். அங்கே கண்ணாடி குளிர்வதில்லை. வெந்நீரின் ஆவி சேரச் சேரக் காற்றின் பனிநிலை மேலே ஏறி, கண்ணாடியின் வெப்பநிலையைத் தாண்டிவிடுகிறது. படிந்த நுண்துளிகள் ஒளியை நாலாபுறமும் சிதறடிப்பதால் முகம் தெரிவதில்லை.

துடைத்தாலும் சற்று நேரத்தில் மறுபடி மங்கும், காற்றிலுள்ள ஆவி அப்படியே இருக்கிறதே. குளிக்கத் தொடங்கும்போதே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிடுங்கள். ஃபேன் இல்லாத வீட்டில், கண்ணாடியில் துளி சோப்பைத் தடவி உலர்ந்த துணியால் தேய்த்து வையுங்கள். நீர் துளித்துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவும்; முகம் தெரியும்.