நோக்கத்திலிருந்து இலக்கு வரை

1979ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள இன்டெல் நிறுவனம் கவலையில் ஆழ்ந்திருந்தது. கணினியின் மூளையாகச் செயல்படும் சில்லினை நுண்செயலி என்பர். இன்டெல் 1978இல் வெளியிட்டிருந்த 8086 என்னும் நுண்செயலிக்குப் போட்டியாக, மோட்டோரோலா நிறுவனம் 68000 என்னும் நுண்செயலியைக் கொண்டுவந்தது. நிரல் எழுதுவோர் பலர் மோட்டோரோலாவின் சில்லே கையாள எளிது எனக் கருதினர். வாடிக்கையாளர்கள் கைநழுவிப் போவதாக விற்பனைப் பிரிவினரிடமிருந்து செய்திகள் வந்தன. இழந்த இடத்தை மீட்க இன்டெல் வகுத்த திட்டத்திற்கு ‘ஆபரேஷன் கிரஷ்’ என்று பெயர்.

திட்டத்தின் நோக்கத்தைத் தலைமை ஒரே தொடரில் எழுதியது: 16 பிட் நுண்செயலிகளுள் மிக உயர்ந்த செயல்திறன் கொண்ட குடும்பமாக 8086ஐ நிலைநிறுத்துவது. தொடர் நன்றாகவே இருக்கிறது. ஆனால், இதனைக் கேட்ட ஒரு பொறியாளர் மறுநாட் காலையில் தம் மேசையில் அமர்ந்து என்ன செய்வார்? ‘நிலைநிறுத்துவது’ என்பது எவரும் தனியே செய்துமுடிக்கக்கூடிய வேலையன்று. நோக்கத்திற்கும் அன்றாட வேலைக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியிலேதான் பெரும்பாலான நிறுவனத் திட்டங்கள் தேங்கிவிடுகின்றன. சுவரில் தொங்கும் நோக்க அறிக்கைகள் பலவற்றின் கதையும் இதுவே.

இன்டெல்லின் தலைவர்களுள் ஒருவரான ஆண்ட்ரூ குரோவ் இதற்கு ஒரு முறையைக் கையாண்டுவந்தார். பீட்டர் டிரக்கர் என்னும் மேலாண்மை அறிஞர் 1954இல் எழுதிய நூலில் விளக்கிய ‘இலக்குவழி மேலாண்மை’ என்னும் கருத்தினை அவர் கூர்மைப்படுத்தினார். ஒவ்வொரு நோக்கத்தின் கீழும் அது நிறைவேறியதை எவற்றைக்கொண்டு அறிவது என்று எழுதிவிட வேண்டும் என்பது அவர் முறை. அவ்வாறு எழுதப்படுபவை முதன்மை விளைவுகள் எனப்பட்டன. முடிவில் அவற்றை நோக்கி ‘நடந்ததா, இல்லையா’ என்று கேட்டால் வாதத்திற்கு இடமின்றி விடை கிடைக்க வேண்டும்.

1980ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் மேற்சொன்ன நோக்கத்தின் கீழ் நான்கு முதன்மை விளைவுகள் குறிக்கப்பட்டன. 8086 குடும்பத்தின் மேன்மையைக் காட்டும் ஐந்து ஒப்பீட்டுச் சோதனைகளை உருவாக்கி வெளியிடுவது பயன்பாட்டுப் பிரிவின் பொறுப்பாயிற்று. அக்குடும்பப் பொருள்கள் அனைத்தையும் புதிய வடிவில் சந்தைக்கு அறிமுகப்படுத்துவது சந்தைப்படுத்தும் பிரிவைச் சேர்ந்தது. 8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் சில்லினை உற்பத்திக்குக் கொண்டுவருவதைப் பொறியியல் பிரிவும் உற்பத்திப் பிரிவும் ஏற்றன. கணக்கீட்டுத் துணைச்செயலியின் மாதிரிகளை ஜூன் 15க்குள் வழங்கும் பணியும் பொறியியல் பிரிவினுடையதே. ஒரே நோக்கம் பிரிவுக்குப் பிரிவு வெவ்வேறு வேலையாக உருமாறியதை இங்குக் காணலாம்.

இனி ஒரு படி கீழே இறங்குவோம். 8 மெகாஹெர்ட்ஸ் சில்லினைப் பற்றிய வரி நிறுவனத்திற்கு ஒரு விளைவு. பொறியியல் பிரிவிற்கோ அதுவே நோக்கத்தின் பிறப்பிடம். அப்பிரிவு தன் நோக்கத்தை, ‘8 மெகாஹெர்ட்ஸ் சில்லுகள் 500ஐ மே 30க்குள் ஒப்படைப்பது’ என்று எழுதிக்கொண்டது. அதன் கீழே நான்கு நாள்கள் குறிக்கப்பட்டன. சில்லின் இறுதி வரைபடம் ஏப்ரல் 5க்குள் முடிய வேண்டும். அவ்வரைபடத்தைச் சிலிக்கான் தகட்டில் பதிக்க உதவும் ஒளிமறைப்புத் தகடுகள் ஏப்ரல் 9இல் உற்பத்திக்கூடத்தைச் சென்றடைய வேண்டும். கூடத்தில் உற்பத்தி மே 1க்குள் தொடங்க வேண்டும். முடிந்த சில்லுகளைச் சோதிக்கும் நிரல்கள் அடங்கிய நாடாக்கள் மே 15க்குள் அணியமாக வேண்டும்.

சோதனை நாடாவை அணியம் செய்யும் பொறியாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் கையிலிருப்பது ‘மே 15’ என்னும் ஒற்றை நாள். ஆயினும் ‘இது எதற்காக?’ என்று கேட்டுக்கொண்டே அவர் மேலேறிச் செல்ல முடியும். நாடா இன்றேல் சில்லுகளைச் சோதிக்க இயலாது. சோதிக்காத சில்லுகளை மே 30இல் ஒப்படைக்க இயலாது. விரைவான சில்லு வாடிக்கையாளர் கையில் இல்லையெனில், உயர்ந்த செயல்திறன் என்னும் உரிமைகோரல் வெறும் விளம்பரமாகிவிடும். மூன்றே படிகளில் அவர் நிறுவனத்தின் உச்சி நோக்கத்தை அடைந்துவிடுகிறார். எந்தப் படியிலாவது விடை தடுமாறினால் அங்கு இணைப்பு அறுந்துள்ளது என்று பொருள்.

மேலிருந்து கீழ்நோக்கிப் படிக்கும்போது கேள்வி மாறுகிறது: ‘இவை அனைத்தும் முடிந்தால் மேலேயுள்ளது உறுதியாக நிறைவேறுமா?’ வரைபடத்திற்கும் ஒளிமறைப்புத் தகட்டிற்கும் இடையே இருந்தவை நான்கே நாள்கள். முன்னது பிந்தினால் பின்னதும் பிந்தும் என்பதனைப் பட்டியலைப் பார்க்கும் எவரும் ஏப்ரல் 5 அன்றே அறிந்துகொள்வர். மே 30 வரை காத்திருந்து ஏமாற வேண்டியதில்லை.

விற்பனைப் பிரிவிற்குத் தரப்பட்ட இலக்கு வேறு வகையானது. கருவிகளை உருவாக்கும் நிறுவனங்கள் தம் வடிவமைப்பில் இன்டெல்லின் சில்லினைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுகள் ஓராண்டில் 2,000 ஆக வேண்டும் என்று வகுக்கப்பட்டது. அதாவது விற்பனையாளர் ஒருவருக்கு மாதத்திற்கு ஏறத்தாழ ஒன்று. ஆண்டு முடிவில் அவ்வெண்ணிக்கை 2,000ஐக் கடந்தது. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிநபர் கணினியும் அக்குடும்பத்தைச் சேர்ந்த 8088ஐக் கொண்டே இயங்கியது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 2,000 என்பதனை ஆளுக்கு இத்தனை என்று பிரித்தது வெறும் வகுத்தல் கணக்குத்தானே? ஆம், வகுத்தலே. ஆனால், அவ்விற்பனையாளர் வெறுங்கையோடு அனுப்பப்படவில்லை. அவர் காட்டுவதற்கு ஒப்பீட்டுச் சோதனைகளும், விற்பதற்கு விரைவான சில்லும் பிற பிரிவுகளின் இலக்குகளாக உடன் எழுதப்பட்டிருந்தன. அத்துணை இல்லாமல் எண் மட்டும் இறங்கினால் என்னவாகும் என்பதற்கு வேறொரு சான்று உண்டு.

அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பத்திற்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்னும் குறிக்கோளை வைத்திருந்தது. அது கிளைகளுக்கும், கிளைகளிலிருந்து ஊழியர்களுக்கும் நாள் இலக்காக இறங்கியது. ஒவ்வொரு படியிலும் வினை மாறவில்லை. தலைமைக்கும் ‘விற்பது’, கடைநிலை ஊழியருக்கும் ‘விற்பது’. வாடிக்கையாளருக்கு அத்தனை கணக்குகள் தேவையா என்பதை அளக்கும் இலக்கு எங்கும் எழுதப்படவில்லை. அழுத்தம் தாங்காத ஊழியர் பலர் வாடிக்கையாளர் அறியாமலேயே அவர்கள் பெயரில் கணக்குகளைத் தொடங்கினர். 2016 செப்டம்பரில் அவ்வங்கிக்கு 18.5 கோடி டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தனர். எண்கள் மேல்நோக்கிப் பிசகின்றி இணைந்திருந்தன. ஆயினும், எண் எதனைக் குறித்ததோ அப்பொருள் கீழே வந்து சேரவில்லை.

இத்தகைய பிசகு முன்கூட்டியே வெளிப்பட வேண்டுமாயின், கீழிருப்பவரும் பேச இடம் வேண்டும். ‘ஹோஷின் கன்றி’ என்னும் ஜப்பானியத் திட்டமிடல் முறையில் இதற்கெனவே ஒரு கட்டம் உண்டு. அதனைப் பந்தெறிதல் என்று குறிப்பிடுவர். மேலாளர் ஓர் இலக்கை எறிகிறார். குழுவினர் அதனை ஆராய்ந்து, ‘இந்நாளுக்குள் முடியாது, ஆனால், இன்ன கருவி கிடைத்தால் முடியும்’ என்று திருப்பி எறிகின்றனர். இருவரும் ஒப்பும்வரை பந்து மேலும் கீழும் செல்கிறது. இதற்கு வாரக்கணக்கில் காலம் பிடிக்கும். அவசரமான காலங்களில் எல்லாப் படிகளிலும் இதனைச் செய்து முடிப்பதும் அரிது. ஆயினும், முடியாது என்பது ஆண்டின் தொடக்கத்திலேயே மேலாளர் காதில் விழுகிறது.