பனடோலும் தடிமன் தூளும்

குளிர்காலம் வந்துவிட்டால் நம் வீட்டு அலுமாரியில் பனடோல் ஒரு பக்கம், சுடுநீரில் கரைத்துக் குடிக்கும் தடிமன் தூள் இன்னொரு பக்கம் இருக்கும். இரண்டும் வேறு மருந்து என்றே பலர் நினைக்கிறோம். பெட்டியைத் திருப்பிச் சிறிய எழுத்தை வாசித்துப் பாருங்கள். அநேகமாக இரண்டிலும் பரசிற்றமோல்தான்.

இங்கு பிரித்தானியாவில் சாதாரண குளிசை ஒன்றில் 500 மில்லிகிராம் உண்டு. பெரியவர்கள் ஒரு வேளைக்கு ஒன்றோ இரண்டோ, குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி விட்டு, 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேற்படாமல் எடுக்கலாம். (பிள்ளைகளுக்கு அளவு வேறு.) சில தூள்களில் ஒரு பைக்கற்றிலேயே 1000 மில்லிகிராம், அதாவது இரண்டு குளிசை.

காலை 7, 11, பிற்பகல் 3, இரவு 7 மணிக்கு இரண்டிரண்டாக எடுத்தவருக்கு எட்டும் முடிந்தது. படுக்கும்போது "மூக்கடைப்புக்குத்தானே" என்று அந்தத் தூளைக் குடித்தால் பத்தாகிவிடும். நள்ளிரவில் கணக்குப் புதிதாகத் தொடங்குவதில்லை. காலை 7 மணிவரை பொறுக்க வேண்டும். தூள்தான் வேண்டுமென்றால் அந்த வேளைக் குளிசையை விடுங்கள். எடுத்த நேரத்தைப் பெட்டியிலேயே எழுதி வையுங்கள்.

50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் ஈரல் வருத்தம் உள்ளவர்களும் பார்மசியில் கேட்டே எடுக்க வேண்டும்.

அளவு கூடிவிட்டால், "ஒன்றும் செய்யவில்லையே" என்று காத்திருக்காதீர்கள். ஈரல் பழுதாவது முதல் நாளில் வெளியே தெரியாமல் இருக்கலாம். மாற்று மருந்து முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் மிக நன்றாக வேலை செய்யும். உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். எடுத்த மருந்துப் பெட்டிகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள்.