அறுபதாம் கல்யாணத் தேதியை மாற்றக் கேட்டு வாத்தியாருக்கு ஒரு கடிதம்

அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்துக் கொடுத்த வாத்தியாருக்கு, அந்த நாளை மாற்ற முடியுமா என்று கேட்டு எழுதும் கடிதம் பெரும்பாலும் மகனோ மகளோ எழுதுவதாக இருக்கும். வெளிநாட்டில் லீவு கிடைக்கவில்லை, பேரனுக்குப் பள்ளி திறந்துவிடுகிறது, டிக்கெட் வேறு தேதிக்குத்தான் இருக்கிறது என்பவை வழக்கமான காரணங்கள். கடிதத்தில் இந்தக் காரணங்கள் விரிவாக இருக்கும். வாத்தியார் பஞ்சாங்கத்தைத் திரும்பப் பிரித்துப் பார்ப்பதற்கு வேண்டிய விவரங்கள் மட்டும் இருக்காது. அதனால்தான் இத்தகைய கடிதங்களில் பல, "முடியாது" என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துபோகின்றன. எது நகரும், எது நகராது என்று தெரிந்து எழுதினால் பதில் வேறு விதமாக வரக்கூடும்.

கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் முகூர்த்த நாள்கள் பல உண்டு. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். சிராத்தம் திதியோடு கட்டுண்டது. உறவினர் வருகைக்காக அதைத் தள்ளிவைக்கும்படி கேட்பதற்கே இடமில்லை. அறுபதாம் கல்யாணம் என்கிற சஷ்டியப்த பூர்த்தி சாந்தி இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகள் கொண்ட சுற்று ஒன்று முடிந்து, ஒருவர் பிறந்த ஆண்டின் பெயரே மறுபடி வருகிறது. 1966 ஆவணியில் பிறந்தவர் பராபவ ஆண்டில் பிறந்தவர்; அதே பராபவ ஆண்டு 2026 சித்திரையில் திரும்பத் தொடங்குகிறது. அந்த ஆண்டில் அவர் பிறந்த தமிழ் மாதத்தில், அவருடைய ஜன்ம நட்சத்திரம் நடக்கும் நாளில் சாந்தியைச் செய்வது முறை. சூரியன் பிறந்தபோது இருந்த ராசிக்கும், சந்திரன் பிறந்தபோது இருந்த நட்சத்திரத்துக்கும் வந்து சேர்ந்திருக்கும் நாள் அது. ஆங்கிலப் பிறந்த தேதிக்கு இதில் வேலையே இல்லை. கடிதத்தில் அந்தத் தேதியை மட்டும் எழுதி, "அதற்குப் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்பது வாத்தியாருக்கு எந்த வழியும் காட்டாது.

இந்தக் கட்டுக்குள்ளும் இடம் இருக்கிறது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தை விட்டுப் புறப்பட்டு மறுபடி அதே நட்சத்திரத்துக்கு வரச் சராசரியாக 27 நாள் 7 மணி 43 நிமிடம் ஆகிறது. தமிழ் மாதங்களோ 29 முதல் 32 நாள் வரை நீள்பவை. ஆகவே மாதத்தின் முதல் சில நாள்களில் வந்த நட்சத்திரம் மாதக் கடைசியில் இன்னொரு தடவை வந்துவிடும். அப்படி இரண்டு தடவை வந்தால் இரண்டாவதை எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். முதலாவதைக் கொள்ளும் குடும்பங்களும் உண்டு. முதலாவதில் ஏதாவது ஒவ்வாமை இருந்தால் மட்டுமே இரண்டாவதுக்குப் போகிறவர்களும் உண்டு. தேதி மாற்றம் கேட்பவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய சலுகை இதுதான். ஆனால் பஞ்சாங்கம் பார்க்காத வீட்டில் இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் இருக்கும் தகப்பனார் விசாக நட்சத்திரம், மூன்றாம் பாதம், துலா ராசி. பிறந்த மாதம் ஆவணி. தாயார் அசுவினி, மேஷ ராசி. அவ்வாண்டு விசாகம் ஆவணி 3, வெள்ளிக்கிழமையும் ஆவணி 30, வியாழக்கிழமையும் வருகிறது. வழக்கப்படி வாத்தியார் 30-ஐக் குறித்துக் கொடுத்துவிட்டார். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கோ ஆவணி 20-க்குள் திரும்பியாக வேண்டும். எனவே 3-ஆம் தேதிக்கு மாற்றச் சொல்லிக் கேட்கிறார். இரண்டும் விசாகம்தானே, என்ன கஷ்டம் என்று வீட்டில் தோன்றும். கஷ்டம் தாயாரின் ராசியில் இருக்கிறது.

ஒருவரின் ராசிக்கு எட்டாம் ராசியில் சந்திரன் இருக்கும் காலம் அவருக்குச் சந்திராஷ்டமம். சுபகாரியத்தில் அதைத் தவிர்ப்பார்கள். ஜன்ம நட்சத்திரத்தில் செய்யும் சாந்தியில் தகப்பனாருக்கு அந்தக் கவலை வருவதில்லை. சந்திரன் அவருடைய நட்சத்திரத்திலேயே இருக்கிறான். ஆனால் பக்கத்தில் உட்காரும் தாயாருக்கு வரலாம். மேஷத்துக்கு எட்டாம் ராசி விருச்சிகம். விசாகத்தின் முதல் மூன்று பாதங்கள் துலாத்தில் இருக்கின்றன, நான்காம் பாதம் மட்டும் விருச்சிகத்தில் விழுகிறது. ஆவணி 3 அன்று விசாகம் பிற்பகல் 3 மணியளவில் முடிகிறது என்றால், நான்காம் பாதம் காலை 9 மணிக்கு முன்னதாகவே தொடங்கிவிடும், ஏனென்றால் ஒரு பாதம் ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஆவணி 30 அன்று அதே நான்காம் பாதம் மாலையில்தான் வரும். காலை முழுவதும் தடையில்லை. வாத்தியார் 30-ஐ விரும்பியதற்கு வழக்கத்தோடு இந்தக் காரணமும் சேர்ந்திருக்கக்கூடும். கடிதத்தில் தாயாரின் நட்சத்திரத்தை எழுதாமல் விட்டிருந்தால் இந்தக் கணக்கைப் புதிதாகப் போட வாத்தியாரால் இயலாது. தம்பதியர் இருவரின் நட்சத்திரம், பாதம், ராசி மூன்றும் கடிதத்தின் தலைப்பகுதியிலேயே இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஆக, 3-ஆம் தேதியை ஏற்பதானால் மாங்கல்ய தாரணம் காலை 9 மணிக்குள் முடிய வேண்டும். ஆவணி ஆரம்பத்தில் சூரிய உதயத்தோடு சிம்ம லக்னம். 8 மணி வாக்கில் கன்னி லக்னம் பிறக்கும். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்குத்தான். எனவே 8 மணிக்கும் 8.45-க்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. அதற்கு முன் கலச ஸ்தாபனம், ஜபம், ஹோமம், கலசநீரால் அபிஷேகம் எல்லாம் ஆகியிருக்க வேண்டும். இவ்வளவையும் விடியற்காலையில் தொடங்கி முடிப்பது சிரமம். பூர்வாங்கத்தையும் கலச ஸ்தாபனத்தையும் ஜபத்தின் ஒரு பகுதியையும் முதல் நாள் மாலையிலேயே வைத்துக்கொண்டால் முடியும். அப்போது ருத்விக்குகள், அதாவது ஜப ஹோமத்துக்கு வரும் வைதீகர்கள், இரண்டு நாள் வர வேண்டியிருக்கும். அவர்களுக்கான சம்பாவனையும் சாப்பாடும் கூடும். இதற்குச் சம்மதம் என்று கடிதத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பணத்தைப் பற்றித் தாமே பேச்செடுக்க வாத்தியார் கூச்சப்படுவார், பல நேரங்களில் மறுப்பதற்கான உண்மைக் காரணமே அதுவாக இருக்கும்.

பயண விவரத்தில் நேரும் பிழை தனி வகை. அமெரிக்காவிலிருந்து வியாழன் இரவு புறப்படுகிறவர் பெரும்பாலும் சனிக்கிழமைதான் சென்னையில் இறங்குவார். "வியாழக்கிழமை கிளம்புகிறோம்" என்று எழுதினால் வாத்தியார் வெள்ளிக்கிழமையை எண்ணிக்கொள்வார். சென்னையில் வந்து இறங்கும் தேதி, கும்பகோணம் வந்து சேரும் நேரம், திரும்பப் புறப்படும் தேதி என்று இந்தியக் கணக்கில் எழுத வேண்டும். பஞ்சாங்கமும் அப்படியே. கோடைக்காலத்தில் நியூ ஜெர்சி நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்பதரை மணி பின்னால். இங்கே காலை 9 மணிக்கு முடியும் நட்சத்திரம் அங்கே முதல் நாள் இரவு 11.30-க்கு முடிந்ததாகக் கைப்பேசி காட்டும். அதைப் பார்த்து, குறித்த நாளில் நட்சத்திரமே இல்லை என்று வாத்தியாரிடம் வாதிடுகிறவர்கள் உண்டு. வாக்கியம், திருக்கணிதம் என்ற இரு பஞ்சாங்கங்களுக்கு இடையிலும் நட்சத்திரம் முடியும் நேரம் சில சமயம் மணிக்கணக்கில் வேறுபடும். வீட்டில் ஒன்றையும் வாத்தியார் இன்னொன்றையும் பார்த்தால் பேச்சு முடியாது. வாத்தியார் பார்ப்பது எது என்று கேட்டு, அதையே கொள்வது சரி.

மேற்சொன்ன குடும்பத்தின் கடிதம் ஏறக்குறைய இப்படி அமையும்:

"பிரம்மஸ்ரீ வாத்தியார் அவர்களுக்கு அநேக நமஸ்காரம். இங்கு அனைவரும் க்ஷேமம். அப்பாவின் சஷ்டியப்த பூர்த்திக்கு ஆவணி 30, வியாழக்கிழமை குறித்துக் கொடுத்திருக்கிறீர்கள். அப்பா விசாகம் 3-ஆம் பாதம், துலா ராசி. அம்மா அசுவினி, மேஷ ராசி. நான் குடும்பத்துடன் ஆவணி 1 காலை கும்பகோணம் வந்து சேர்கிறேன்; ஆவணி 20-க்குள் திரும்பியாக வேண்டும், மேலும் லீவு கேட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. ஆவணி 3, வெள்ளிக்கிழமையும் விசாகம் இருப்பதாகப் பஞ்சாங்கத்தில் பார்த்தோம். அன்று செய்ய சாஸ்திரம் இடம் கொடுக்குமா என்று தாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். முகூர்த்தம் எவ்வளவு காலையில் இருந்தாலும் சௌகரியமே. பூர்வாங்கத்தை முதல் நாள் மாலை வைப்பதானால் ருத்விக்குகளுக்கு இரண்டு நாளைக்கு உண்டான சம்பாவனையைச் செய்யச் சித்தமாக இருக்கிறோம். அந்த நாள் கூடாது என்றால் வேறு எந்த மாதத்தில் செய்யலாம் என்றும் தெரிவிக்கப் பிரார்த்திக்கிறேன். தாங்கள் சொல்கிறபடி நடந்துகொள்கிறோம்."

கடிதத்தில் காரணம் ஒரே வாக்கியத்தில் முடிந்திருக்கிறது. "சாஸ்திரம் இடம் கொடுக்குமா" என்ற கேள்வி, தேதியை வீட்டிலேயே முடிவுசெய்துவிட்டுச் சம்மதத்தை மட்டும் கேட்கும் தொனி வராமல் காக்கிறது. தமிழ்நாட்டில் எல்லாக் குடும்பங்களும் வாத்தியாரை வைத்துச் செய்வதில்லை. திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் செய்பவர்கள் அங்கே ஏற்பாடு செய்யும் குருக்களுக்கு எழுத வேண்டியிருக்கும். அங்கே ஒரே நாளில் பல தம்பதியருக்குச் சாந்தி நடப்பதால், முகூர்த்தத்தோடு மண்டபமும் நேரமும் காலியாக இருக்கின்றனவா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். "குருக்கள் ஐயா அவர்களுக்கு வணக்கம்" என்று தொடங்கினால் போதும்; மற்ற விவரங்கள் அவையேதான்.

நட்சத்திரம் மாதத்தில் ஒரே தடவைதான் வருகிறது, அந்த நாளில் மகனால் வர முடியாது என்றால் கேள்வி கடினமாகிறது. உரிய நாளில் வீட்டளவில் ஆயுஷ்ய ஹோமம் மட்டும் செய்துவிட்டு, விரிவான சாந்தியைப் பின்னால் வரும் மாதம் ஒன்றில் அதே ஜன்ம நட்சத்திரத்தன்று வைத்துக்கொள்ளச் சில வாத்தியார்கள் சம்மதிப்பார்கள். சிலர் பிறந்த மாதத்தைத் தாண்டக் கூடாது என்பதில் உறுதியாக இருப்பார்கள். இரண்டாவது வகை வாத்தியாரிடமிருந்து மறுப்பு வந்தால், சம்மதிக்கும் வேறொருவரைத் தேடிப் போவதைவிட மகன் இல்லாமலே உரிய நாளில் நடத்துவது மேல். பல ஆண்டுகளாக அந்த வீட்டுச் சிராத்தமும் பூணூலும் செய்துவைத்தவர் அவர். அடுத்த காரியத்துக்கும் அவர்தான் வர வேண்டும்.

கடிதம் போய்ச்சேர வேண்டிய நேரமும் முக்கியம். வாத்தியார் ருத்விக்குகளுக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால் அது அவர் கையில் இருக்க வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு தேதி மாறினால் அந்த நாளின் வருமானம் அவர்களுக்குப் போகிறது, புதிய நாளில் அவர்கள் வேறு வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கவும் கூடும். வாத்தியாரின் பதில் வந்ததும் புதிய தேதி, நட்சத்திரம் முடியும் நேரம், முகூர்த்த நேரம், பூர்வாங்கம் தொடங்கும் வேளை ஆகிய நான்கையும் எழுதி, அவரிடமே திரும்பக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மண்டபத்துக்கும் சமையற்காரருக்கும் சொல்வதும், பத்திரிகை அச்சுக்குக் கொடுப்பதும் அதற்குப் பிறகுதான்.