பலகையின் மூன்றாவது வரி

தனியாகத் தொழில் நடத்தும் கால்நடை மருத்துவரின் பலகையில் பெரும்பாலும் மூன்று செய்திகள் இருக்கும். முதலாவது, அவர் பார்க்கும் உயிரினங்கள்: மாடு, ஆடு, நாய், கோழி. அடுத்தது, அவர் செய்யும் சிகிச்சைகள்: சினை ஊசி, ஈன முடியாத பசுவுக்கு அறுவை செய்து கன்றை எடுப்பது, நாய்க்குக் கருத்தடை. மூன்றாவது, ‘பண்ணை ஆலோசனை’. முதல் இரண்டும் படித்தவுடன் புரிகின்றன. மூன்றாவதில் என்ன அடங்கியிருக்கிறது என்று பலருக்கும் தெரிவதில்லை.

எட்டுக் கறவை மாடுகள் உள்ள ஒரு பண்ணையை எடுத்துக்கொள்வோம். பால் குறைந்துவிட்டது. ஆனால் மடி வீங்கவில்லை, பாலும் திரியவில்லை. வெளியே தெரியாத மடிநோயாக இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகிக்கிறார். நான்கு குழிகள் உள்ள தட்டில், ஒவ்வொரு காம்பின் முதல் பீச்சுகளையும் கழித்துவிட்டு, குழிக்கு 2 மி.லி. பால் பீய்ச்சுகிறார். அதே அளவு சோதனைத் திரவம் ஊற்றித் தட்டைச் சுழற்றுகிறார். நோயுள்ள காம்பின் பால் சில நொடிகளில் கூழாகக் கெட்டியாகிறது. நோயை எதிர்க்க மடிக்குள் குவிந்த வெள்ளையணுக்களைத் திரவம் உடைப்பதால் வரும் மாற்றம் அது. கன்று ஈன்ற முதல் சில நாட்களில் நல்ல மடியின் பாலும் இப்படிக் கெட்டியாகலாம். அதனால் அப்போது இந்தச் சோதனையை நம்ப முடியாது.

32 காம்புகளில் 9 காம்புகளின் பால் கெட்டியானது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் உடனே ஊசியை எடுப்பதில்லை. பால் கறப்பதைப் பார்க்கிறார். ஒரே துணியால் எல்லா மடிகளையும் துடைக்கிறார்கள். கறந்து முடித்ததும் மாடுகள் ஈரத்தரையில் படுத்துவிடுகின்றன. கறந்த பிறகு அரை மணி நேரமாவது காம்புத் துளை திறந்தே இருக்கும். கிருமி நுழைய அந்த நேரம் போதும்.

எனவே அவர் சொல்லும் வழிகள் எளியவை. மாட்டுக்கு ஒரு துணி. நல்ல மாடுகளை முதலிலும் நோயுள்ளவற்றைக் கடைசியிலும் கறக்க வேண்டும். கறந்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். உடனே தீவனம் வைத்தால் மாடு படுக்காமல் நிற்கும். பழைய நோய்க்குப் பால் வற்றும் காலத்தில் காம்பு வழியாக மருந்து செலுத்தலாம். கறவையில் இருக்கும்போது நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால், மருந்து உறையில் குறித்த நாட்கள் வரை அந்தப் பாலை விற்கக் கூடாது. நெடுநாள் நோயால் இறுகிப்போன காம்பு மருந்துக்குத் திரும்பாமலும் போகலாம். நல்ல மருத்துவர் அதையும் மறைக்காமல் சொல்வார்.

இவ்வளவும் ‘பண்ணை ஆலோசனை’ என்ற இரண்டு சொற்களுக்குள் மறைந்து கிடக்கிறது. பலகையில் ‘மடிநோய்ச் சோதனை, கறவை முறை திருத்தம், பால் வற்றுக்காலச் சிகிச்சை’ என்று விரித்து எழுதினால், பால் குறைந்த வீட்டுக்காரர் தனக்கு வேண்டியது அங்கே கிடைக்கும் என்று அறிவார். பலகையில் கால்நடை மருத்துவ மன்றப் பதிவு எண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அவரிடம் ஒன்று கேளுங்கள்: “மாடு கறக்கும் நேரத்துக்குப் பண்ணைக்கு வருவீங்களா டாக்டர்?”